கம்பியா, கயிறா? பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொங்கவும் ஏறவும் எதில் தொடங்கிச் சொல்லித்தரலாம்

"முன்னாள் மாணவர்கள் கொஞ்சம் பணம் தர்றாங்க சார். புல்-அப்ஸ் கம்பி போடலாமா, கயிறு கட்டலாமா?" வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, குடியாத்தம், காட்பாடி பக்கத்துப் பள்ளிகளில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் என்னைப் பார்த்தால் கேட்கும் கேள்வி இது. கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் உண்டு. 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. ராணுவ ஆள்சேர்ப்பில் கம்பியில் 10 புல்-அப்ஸ் எடுத்தால் முழு மதிப்பெண் 40. ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கும் மாவட்டம் இது. ஒன்பதாம் வகுப்புப் பையனே "சார், எனக்குக் கயிறு சொல்லிக்குடுங்க" என்று வந்து நிற்பான்.

இருபத்தைந்து வயது இளைஞன் தேர்வுக்குத் தயாராவது வேறு. 11 முதல் 16 வயது வரை உள்ள நாற்பது பேரை ஒரே பீரியடில் வைத்துக்கொண்டு சொல்லித்தருவது வேறு. இந்த இரண்டாவது நிலைமைக்காகத்தான் எழுதுகிறேன். வழிகள் மூன்று: கம்பியில் தொங்குவது, கால் தரையில் இருக்கவே கயிற்றில் வேலை செய்வது (இதைத் தரைக் கயிறு என்று சொல்கிறேன்), முழுக் கயிற்றில் மேலே ஏறுவது.

## எதை வைத்து அளப்பது

என் முதல் அளவுகோல் இறங்குவது. கயிற்றில் ஏறும்போது கை விட்டு விழுபவர்கள் குறைவு. ஏறி முடித்து, கை தளர்ந்து, "இறங்கிடலாம்" என்று நினைக்கும் நேரத்தில்தான் விபத்து நடக்கிறது. பிடி நழுவும், கயிறு உள்ளங்கையில் உரசும், சூடு தாங்காமல் பிள்ளை கையை எடுத்துவிடும். அதனால் ஒரு வழியைப் பார்க்கும்போது, இறங்கும் பலத்தை அது முதலில் கொடுக்கிறதா என்று பார்க்கிறேன்.

இரண்டாவது, விழுந்தால் எவ்வளவு உயரம் என்பது. 1 மீட்டரிலிருந்து விழும் உடம்பு தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 3 மீட்டர் என்றால் 28, 5 மீட்டர் என்றால் 36. டவுன் பஸ் ஓடும் வேகம் அது. நம் பள்ளிகளில் இருக்கும் மேட் அந்த வேகத்தைத் தாங்காது.

மூன்றாவது, வகுப்பில் மிகவும் பலம் குறைந்த பிள்ளைக்கு முதல் நாளே செய்ய ஏதாவது இருக்கிறதா என்பது. நான்காவது, 40 நிமிட பீரியடில் எத்தனை பேருக்கு முறை வரும் என்பது. பணம் கடைசியில்தான். பொருளின் விலையைவிடப் பின்னால் வரும் செலவுதான் பள்ளிகளுக்குப் பாரமாகிறது. அதை ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

## வழி ஒன்று: கம்பி

வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். பெரும்பாலும் தவறு நடப்பது பைப்பின் கனத்தில். உறுதியாக இருக்கட்டும் என்று ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப்பைப் போட்டுவிடுகிறார்கள். அதன் வெளி விட்டம் 42 மி.மீ. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கட்டை விரல் சுற்றி வந்து மற்ற விரல்களைத் தொடாது. 1 அங்குல ஜி.ஐ. பைப்பின் வெளி விட்டம் சுமார் 34 மி.மீ.; அது போதும். கம்பியின் நீளத்தைத் தூணுக்குத் தூண் ஒன்றரை மீட்டருக்குள் வைத்து, கனமான ரகத்தில் எடுத்தால் வளையாது.

உயரம் மூன்று வகையாக இருந்தால் நல்லது: இடுப்பு அளவில் ஒன்று, 1.8 மீட்டரில் ஒன்று, 2.1 மீட்டரில் ஒன்று. இடுப்புக் கம்பியில் குதிகாலைத் தரையில் ஊன்றி, உடம்பை நேராக வைத்து, மார்பைக் கம்பிக்கு இழுக்கலாம். எடையில் ஒரு பங்கைக் கால் வாங்கிக்கொள்வதால் யாராலும் முதல் நாளே செய்ய முடியும்.

தொங்குவதில் படிகள் இப்படிப் போகும். முதலில் கையை நீட்டித் தொங்குவது. அதில் தோள் காதருகே ஏறிப்போய் இருந்தால் சரியில்லை. தோளைக் கொஞ்சம் கீழே இழுத்து வைத்துத் தொங்க வேண்டும். 20 வினாடி நிலைத்தால் அடுத்த படி: ஸ்டூலில் ஏறித் தாடை கம்பிக்கு மேல் இருக்கும்படி பிடித்து, காலை எடுத்து, 5 வினாடி அப்படியே நிற்பது. அதற்கடுத்தது, அதே இடத்திலிருந்து ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்குவது. புல்-அப் ஒன்றுகூட எடுக்க முடியாத பிள்ளைக்கு இந்த மெதுவான இறக்கம்தான் பலத்தை வளர்க்கும். கயிற்றில் இறங்கத் தேவைப்படுவதும் இதே தசை, இதே வேலை.

எத்தனை செய்வது? ஒரு பிள்ளையால் அதிகபட்சம் 12 வினாடி தொங்க முடியும் என்றால், 6 வினாடி வீதம் நான்கு முறை, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. வாரத்துக்கு இரண்டு நாள். நான்கும் சுலபமாக வந்தால் 2 வினாடி கூட்டலாம். கை விட்டுப்போகும்வரை ஒவ்வொரு நாளும் தொங்கவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வளரும் வயதில் முழங்கையின் உள்பக்க எலும்பு முடிச்சில் வலி வர அதுவும் காரணமாகலாம். அந்த முடிச்சை விரலால் அழுத்தினால் பிள்ளை முகம் சுளிக்கிறதா என்று பாருங்கள். சுளித்தால் தொங்குவதையும் இழுப்பதையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். "பழகினால் சரியாகிவிடும்" என்று சொல்லக் கூடாத வலி இது.

கம்பியின் மறைமுகச் செலவு வெயில். வேலூரில் ஏப்ரல் மாதத்துப் பதினோரு மணிக்கு அந்தப் பைப்பைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். காலை முதல் இரண்டு பீரியடை விட்டால் கம்பியில் கை வைக்க முடியாது. நிழல் விழும் இடம் பார்த்து நடுவது இலவசம். நட்ட பிறகு கூரை போடுவது இலவசமில்லை.

மூன்று கம்பி இருந்தால் மூன்று பேர் தொங்கலாம், மூன்று பேர் துணை நிற்கலாம். 42 பேர் கொண்ட வகுப்பு கால் மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும். கயிறு ஏறும் நுட்பத்தை மட்டும் கம்பி கொடுக்காது. கம்பியில் எட்டு புல்-அப்ஸ் எடுத்த பையன் கயிற்றைத் தொட்டதும் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் உதைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

## வழி இரண்டு: தரைக் கயிறு

இந்த வழி பலருக்குத் தெரியாது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கயிறு 3 மீட்டர் உயரத்திலிருந்து தொங்கினால் போதும். பிள்ளை கயிற்றை மார்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாதம் கயிற்றுக்கு நேர் கீழே, நகராமல். உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்துப் பின்னால் சாய்ந்து, கைக்குக் கீழே கை மாற்றி மாற்றி, முதுகு மேட்டில் படும்வரை இறங்க வேண்டும். பிறகு கைக்கு மேல் கை வைத்து எழுந்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் பயிற்சி. ஆனால் முதல் நாள் முதல் அசைவே இறங்குவதுதான் என்பதைக் கவனியுங்கள். கை சறுக்கக் கூடாது, ஒரு கை பிடித்த பிறகுதான் மறு கை விட வேண்டும் என்பது உடம்பில் பதிகிறது. கை விட்டுப்போனாலும் முக்கால் மீட்டருக்குள்தான் விழுகிறது, அதுவும் மேட்டில். தாடையை மார்போடு ஒட்டி வைக்கச் சொன்னால் தலையும் அடிபடாது.

இது சுலபமாகிவிட்டால் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அங்கிருந்து கையால் மட்டும் எழுவது. அதன்பின் காலுக்கான பாடம்.

கால் பூட்டை நான் பெஞ்சில் உட்காரவைத்துத்தான் சொல்லித்தருகிறேன். பனையேறுபவர் காலில் தளை போட்டு ஏறுவதைப் பிள்ளைகள் பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எடையைக் கால் சுமக்கிறது, கை மரத்தை அணைத்துக்கொள்கிறது. கயிற்றிலும் அப்படித்தான். கயிறு வலது காலின் வெளிப்பக்கமாக இறங்கி, வலது பாதத்தின் அடியில் புகுந்து, உள்பக்கம் மேலே வர வேண்டும். அப்படி வந்த கயிற்றை இடது பாதத்தால் வலது பாதத்தின் மேல் வைத்து மிதிக்க வேண்டும். மிதித்ததும் கயிறு இரண்டு பாதத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பெஞ்சில் உட்கார்ந்தபடி பத்து முறை போட்டு எடுக்கச் சொல்லுங்கள், பார்க்காமலே போடும்வரை. பிறகு பூட்டைப் போட்டு, கயிற்றைப் பிடித்து, பெஞ்சிலிருந்து ஒரு சாண் மட்டும் எழுந்து 5 வினாடி நிற்பது. பூட்டு பிடிக்கவில்லை என்றால் உடனே தெரியும்: பாதம் சறுக்கிக்கொண்டே கீழே போகும். விழுவது பெஞ்சில்தான், ஒரு சாண் உயரம்தான். ஆட்டம் காணாத, இரண்டு பேர் பிடித்திருக்கும் பெஞ்சாக இருக்கட்டும்.

ஒருவருக்கு அரை நிமிடம் என்றால் 42 பேருக்கு 21 நிமிடம். ஒரே பீரியடில் எல்லோருக்கும் முறை வந்துவிடும்.

மறைமுகச் செலவு கயிறு தேய்வது. தேங்காய் நார்க் கயிறு மலிவு, ஆனால் உள்ளங்கையைக் கிழிக்கும்; நைலான் வழுக்கும், சறுக்கினால் சுடும். மணிலா அல்லது பருத்திக் கயிறு, 35 முதல் 40 மி.மீ. கனத்தில் நல்லது. பல பள்ளிகளில் கயிறு இழுக்கும் போட்டிக்கு வாங்கிய வடம் இருக்கும், கனமும் ஏறக்குறைய அதுதான். அதையே கட்டிவிடலாமா என்று கேட்பார்கள். கட்டுவதற்கு முன் புரியைத் திருகிப் பிரித்து உள்ளே பாருங்கள். மண் சேர்ந்து நார் பொடியாக உதிர்ந்தால் அது இழுக்க மட்டும்தான். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே அறுந்திருக்கும்.

## வழி மூன்று: முழுக் கயிறு

தேர்வுக்குத் தயாராகும் ஒரு பிளஸ் டூ மாணவனுக்கு ஒரு நாள் இது வேண்டும், அதை மறுக்க முடியாது. வேலூர் நேதாஜி மைதானத்தில் தேர்வுக் கயிற்றின் முன் முதல்முறையாக நிற்பவன் பயந்துபோவான். ஆனால் பள்ளிக்கு இதன் விலை பெரிது.

முதல் விலை, கயிறு தொங்கும் இடம். வேப்பங்கிளையில் கட்டலாமா என்று கேட்காதவர்கள் இல்லை. கிளை உள்ளே உளுத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆடும் உடம்பு கிளையில் தன் எடையைவிட அதிகச் சுமையை ஏற்றும். கால்பந்து கோல் போஸ்டும், கூடைப்பந்துத் தூணும் வேண்டவே வேண்டாம்; கவிழ்ந்து பிள்ளையின் மேலேயே விழும். இரும்புச் சட்டம், கான்கிரீட் அஸ்திவாரம், கயிற்றின் கண் தேயாமல் காக்க உள்ளே தம்பிள் என்ற இரும்பு வளையம், அதை மாட்ட டி-ஷேக்கிள் என்ற இரும்புக் கொளுவி என்று சரியாகப் போட்டால்தான் உண்டு. கயிறு நேராக இரும்பில் உரசும்படி கட்டினால் ஒரு பருவத்தில் அறுபட ஆரம்பிக்கும்.

இரண்டாவது, மேட். முழுக் கயிற்றுக்கு, உயரம் தாண்டுதலுக்கு வைப்பது போன்ற தடித்த மெத்தை வேண்டும். அது பல பள்ளிகளில் இல்லை. மூன்றாவது, நேரம். ஏறி, இறங்கி, மேட்டைச் சரி செய்ய ஒருவருக்கு ஒன்றரை நிமிடம். 42 பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். 40 நிமிட பீரியடில் பாதிப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலிருந்துதான் "இன்னும் மேல போடா" என்ற கூச்சல் வரும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். இழுக்கும் வடத்தை மரத்தில் கட்டியிருந்தார்கள், நானும் தடுக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சரசரவென்று ஏறிவிட்டான். மேலே போனதும் கை நடுங்க ஆரம்பித்தது. "சார், கை நழுவுது சார்." இறங்கச் சொன்னேன். அவனுக்கு இறங்கத் தெரியவில்லை, சறுக்கினான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் வழண்டது. தரைக்கு ஆள் உயரம் இருக்கும்போது கையை விட்டான். கீழே இரண்டு மேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தோம். கயிற்றுக்கு நேர் கீழே இரண்டும் சேரும் இடுக்கு. கால் அந்த இடுக்கில் இறங்கிக் கணுக்கால் மடங்கியது. மூன்று வாரம் கட்டுப்போட்டு நடந்தான். அவன் பலமான பையன்தான். அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தது பாதி மட்டும்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | கம்பி | தரைக் கயிறு | முழுக் கயிறு |
|---|---|---|---|
| இறங்கும் பலம் | நன்றாக வளரும் | முதல் நாளே தொடங்கும் | முன்பே இருந்தாக வேண்டும் |
| விழும் உயரம் | தொங்கும்போது கால் தரைக்கு அரை மீட்டருக்குள் | முக்கால் மீட்டருக்குள் | 3 முதல் 5 மீட்டர் |
| பலம் குறைந்த பிள்ளை | இடுப்புக் கம்பியில் செய்யலாம் | செய்யலாம் | முடியாது |
| 42 பேருக்கு ஒரு சுற்று | சுமார் 15 நிமிடம் | சுமார் 21 நிமிடம் | ஒரு மணி நேரத்துக்கு மேல் |
| பின்னால் வரும் செலவு | நிழல், துரு | கயிறு மாற்றுவது | சட்டம், தடித்த மெத்தை, கூடுதல் ஆள் |

## மேட் போடும் விதம்

எந்த வழியாக இருந்தாலும் இங்கே கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

கயிற்றுக்கு நேர் கீழே ஒரு மேட்டின் நடுப்பகுதி வர வேண்டும், இரண்டு மேட் சேரும் கோடு வரக் கூடாது. சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டராவது மேட் இருக்க வேண்டும். கயிறு ஆடும், விழுபவர் நேர் கீழே விழ மாட்டார். பல மேட் சேர்க்க வேண்டியிருந்தால் இடுக்குகளின் மேல் இன்னொரு மேட்டைப் போட்டு மூடுங்கள். அந்த மேல் மேட்டின் ஓரமும் கயிற்றுக்கு அடியில் வரக் கூடாது.

சிமென்ட் தரையில் மேட் நழுவும். மேட்டின் ஓரத்தில் ஒருவர் கால் வைத்து வேகமாகத் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் மண் தரைக்கு மாற்றுங்கள். கனம் போதுமா என்று பார்க்க, மேட்டில் இரண்டு முழங்காலையும் ஊன்றி மண்டியிடுங்கள். அடியில் உள்ள தரை முழங்காலில் தெரிந்தால் அது தொங்கும் பயிற்சிக்கே போதாது. யாராவது தந்த இலவம்பஞ்சு மெத்தையையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். பார்க்கத் தடிமனாக இருக்கும், ஒரு இடத்தில் பஞ்சு ஒதுங்கி அடி தட்டும்.

கயிற்றின் நுனி மேட்டின் மேல் சுருண்டு கிடக்கக் கூடாது. இறங்கும் கால் அதன் மேல் பட்டால் கணுக்கால் திரும்பும். மேட்டுக்கு ஒரு சாண் மேலேயே நுனி முடிய வேண்டும்.

கம்பிக்கு மேட் வாங்கப் பணமில்லை என்றால் நீளம் தாண்டும் மணல் குழியை ஒட்டிக் கம்பியை நடுங்கள். அது பல பள்ளிகளில் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்குக் கிளறிவிட வேண்டும், மழைக்குப் பிறகு கட்டாயம். பாலாற்று மணல் இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்று எம்.சாண்ட் கொட்டுகிறார்கள். அதில் துகள் கூர்மையாக இருக்கும், தூளும் அதிகம்; தண்ணீர் பட்டால் இறுகித் தரைபோல ஆகிவிடும். கட்டிடத்துக்கு நல்லது, விழுவதற்கு ஆகாது.

## துணை நிற்பவர் என்ன செய்ய முடியும்

3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 50 கிலோ பிள்ளையை யாராலும் கையால் பிடிக்க முடியாது. பிடிக்கப் போனால் இரண்டு பேருக்கும் அடிபடும். இதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பியில் துணை நிற்பவர் தொங்குபவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும். இரண்டு கையும் இடுப்புக்கு அருகே, தொடாமல், தயாராக. உடம்பு முன்னால் ஆடி உச்சிக்குப் போகும்போது பிடி விடலாம். அப்படி விட்டால் பிள்ளை முதுகு கீழாக விழும். ஆகவே ஆட்டம் தொடங்கியதுமே இடுப்பைப் பிடித்து நிறுத்தி இறக்கிவிட வேண்டும். காலைப் பிடித்து இழுக்கக் கூடாது.

கயிற்றில் என் கணக்கு ஒன்றே: ஏறுபவரின் பாதம் என் இடுப்பைத் தாண்டும்வரைதான் என் கை பயன்படும். அதுவரை நான் இடுப்பையோ தொடையையோ தாங்க முடியும். அதற்கு மேல் போனால் துணை நிற்பவர் ஒரு கை தூரம் விலகி நின்று, இன்னொருவரைக் கயிற்றின் நுனியை ஆடாமல் பிடிக்கச் சொல்லி, மேட்டின் மேல் வேறு யாரும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குரல் கொடுப்பதும் அவர் வேலை. "கைக்குக் கீழ கை, மெதுவா. பூட்டைப் போடு, நில்லு. இப்போ இறங்கு." இதை ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். நான்கு பேர் கத்தினால் மேலே இருப்பவருக்கு எதுவும் கேட்காது.

தொடங்குவதற்கு முன் கழற்ற வேண்டியவை: மோதிரம், வளையல், கொலுசு, மணிக்கட்டில் கட்டிய கயிறு, கழுத்துத் தாயத்து. மோதிரத்தோடு தொங்கி வழுக்கினால் விரலின் தோலையே உரித்துவிடும். துப்பட்டாவைக் கழற்றி வைத்து, பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்ளட்டும். கயிற்றுக்கு முழுக்கால் பேன்ட்டும் கேன்வாஸ் ஷூவும் வேண்டும், வெறுங்காலில் பூட்டுப் போட்டால் பாதத்தின் மேல்தோல் போய்விடும். வியர்வைக்கு உள்ளங்கையில் மண் தேய்ப்பது நம் பிள்ளைகளின் பழக்கம். அந்த மண்தான் கயிற்றுக்குள் போய் நாரை அறுக்கிறது. துண்டால் துடைத்துக்கொள்ளட்டும்.

## ஒரு மாணவனின் எட்டு வாரம்

ஒன்பதாம் வகுப்பு, 52 கிலோ, ஆறு மாதத்தில் திடீரென்று உயர்ந்தவன். இந்த வயதில் உயரமும் எடையும் முதலில் வரும், பலம் பின்னால்தான் வரும். போன வருடம் சுலபமாகச் செய்ததை இந்த வருடம் செய்ய முடியாமல் வெட்கப்படுவார்கள். முதல் நாள் 14 வினாடி தொங்கினான். தாடை மேலே வைத்து நிற்கச் சொன்னால் உடனே விழுந்தான்.

முதல் இரண்டு வாரம் 7 வினாடி வீதம் நான்கு முறை தொங்கினான், கூடவே கயிற்றில் நின்ற நிலையிலிருந்து படுத்து எழுந்தான், மூன்று முறை. மூன்றாம் வாரம் ஸ்டூலில் ஏறி மெதுவான இறக்கம். முதலில் இரண்டு எண்ணுவதற்குள் கீழே வந்துவிட்டான். நான்காம் வார முடிவில் ஐந்து எண்ணும்வரை இறங்கினான், 22 வினாடி தொங்கினான். ஐந்தாம் வாரம் பெஞ்சில் கால் பூட்டு.

ஆறாம் வாரம் கயிற்றில் சிவப்புத் துணி கட்டினேன். அதைக் கையால் தொட்டால் பாதம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கும். தொட்டுவிட்டான். ஆனால் அதற்கு மேல் போக நான் வைத்திருக்கும் தேர்வு வேறு: துணி அருகே பூட்டுப் போட்டு 5 வினாடி நிற்க வேண்டும், சறுக்காமல் கை மாற்றி இறங்க வேண்டும், இறங்கியதும் உடனே கயிற்றைப் பிடித்துக் கை நீட்டி இன்னும் 5 வினாடி தொங்க வேண்டும். கடைசி 5 வினாடிதான் கையில் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும். அவனிடம் இல்லை. இரண்டாவது வினாடியில் விட்டுவிட்டான். "சார், அதான் தொட்டுட்டேனே" என்றான். அடுத்த வாரமும் அதே துணிதான் என்றேன்.

ஏழாம் வாரம் ஒரு நாள் தேறினான், எட்டாம் வாரம் இன்னொரு நாள். இரண்டு தனித்தனி நாளில் தேறிய பிறகுதான் அடுத்த துணி, பாதம் 1 மீட்டரில். எங்களிடம் இருக்கும் மேட்டுக்கு அதுதான் எல்லை. அங்கேயே நிறுத்தினேன்.

## யாருக்கு எது

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மட்டும் உள்ள பள்ளி, ஒரே ஆசிரியர் என்றால் கம்பியை மட்டும் போடுங்கள், மணல் குழியை ஒட்டி, மூன்று உயரத்தில். கயிறு இல்லை என்று வருத்தப்பட வேண்டாம்.

பத்தாம் வகுப்பு வரை இருந்து, ஓரளவு பணமும் இருந்தால் நான் சொல்வது இரண்டையும் ஒரே சட்டத்தில் செய்வது. கம்பிச் சட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் 3 மீட்டர் உயரமாக எழுப்பி, நடுவில் கயிறு மாட்டக் கண் வைக்கச் சொல்லுங்கள். அஸ்திவாரம் ஒரே வேலையாக முடிந்துவிடும். ஒரு பக்கம் தொங்குவார்கள், மறுபக்கம் தரைக் கயிறு. வகுப்புக்கு விடும் முன் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து தொங்கிப் பாருங்கள். போல்ட், ஷேக்கிள், கயிற்றின் கண் மூன்றையும் மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும்.

முழுக் கயிறு, மேல்நிலை மாணவர்களுக்கு, தடித்த மெத்தை உள்ள இடத்தில், ஒரு நேரத்தில் ஆறேழு பேருக்கு மேல் இல்லாமல், பள்ளி நேரத்துக்கு வெளியே. கம்பியில் ஐந்து எண்ணி இறங்கவும், சிவப்புத் துணித் தேர்வை இரண்டு நாள் தேறவும் முடிந்தவர்கள் மட்டும். உங்கள் பள்ளியில் மெத்தை இல்லை என்றால், காவலர் தேர்வுக்குப் போகும் மாணவனைச் சரியான சட்டமும் மெத்தையும் உள்ள மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். உங்களிடம் இரண்டு வருடம் தொங்கி இறங்கிப் பழகியவனுக்கு அங்கே புதிதாக இருப்பது உயரம் ஒன்றுதான்.